அம்மா ஆஸ்பத்திரியில், டிக்கெட் கையில்

திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகலாம் என்று பிப்ரவரியிலேயே டிக்கெட் போட்டாயிற்று. மே 19 புறப்பாடு. கணவரின் அம்மா இவர்களோடுதான் இருக்கிறார், பயணத்தில் மட்டும் அவர் இல்லை. அந்த நாலைந்து நாளைக்கு மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மே 10 இரவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவருக்கு வாய் ஒரு பக்கம் கோணுகிறது, வலது கை தூக்க வரவில்லை. பக்கவாதம். அன்றிரவே தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாட்களுக்கு அந்த வீட்டில் யாருக்கும் சிங்கப்பூர் நினைவு வராது. வரவேண்டியதும் இல்லை. ஆனால் டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் அவர்கள் பெயரில்தான் கிடக்கின்றன. அதில் போட்ட பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது மே 11, 12 தேதிகளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த இரண்டு நாட்களின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

காப்பீட்டில் ‘பயண ரத்து’ என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. எல்லா பாலிசியிலும் இருக்காது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அந்த நிபந்தனை பயண ரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விசாவுக்கென்று இருப்பதிலேயே மலிவான பாலிசியை வாங்கியவர்கள், பிறகு திறந்து பார்க்கும்போது அந்தப் பிரிவே இல்லை என்று அறிந்துகொள்வது இதனால்தான். ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்குக் கிடைக்கும் காப்பீடும் அப்படித்தான். ரயில் விபத்தில் நேரும் மரணம், ஊனம், மருத்துவமனைச் செலவு ஆகியவற்றுக்கு அது உதவும். பயணத்தையே ரத்து செய்தால் அதிலிருந்து ஒன்றும் வராது.

பாலிசி எந்த நாளில் வாங்கப்பட்டது என்பதும் முக்கியம். மருத்துவச் செலவு, தொலைந்த பெட்டி போன்றவற்றுக்கான பாதுகாப்பு பயணம் தொடங்கும்போதுதான் உயிர்பெறும். பயண ரத்துப் பிரிவு மட்டும் பொதுவாக பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்துவிடும். ஆகவே டிக்கெட் போட்ட அன்றே பாலிசி எடுத்தவருக்கு மூன்று மாதப் பாதுகாப்பு கிடைக்கிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் எடுப்பவருக்கு அதே பணத்துக்கு ஒரு நாள். நம் திருச்சிக் குடும்பம் பிப்ரவரியிலேயே எடுத்துவிட்டது. பயண ரத்துப் பிரிவும் அதில் இருக்கிறது.

இனி மே 11 காலை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரண்டு மூன்று வாரமாவது கூட ஆள் வேண்டும் என்கிறார். கணவர் ட்ராவல் ஏஜென்டை அழைக்கிறார். “அவசரப்படாதீங்க சார், இன்னும் ஒரு வாரம் இருக்கே. அம்மாவுக்குச் சரியாகிடும். பதினெட்டாம் தேதி பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்” என்கிறார் அவர். ஆறுதலாகச் சொன்னதுதான். கேட்டால் பெரும் நஷ்டம்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு டிக்கெட்டுகளின் மொத்த விலை 1,12,000 ரூபாய். தலைக்கு 28,000. அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 22,000. மீதி 6,000 விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும். மே 12 அன்று ரத்து செய்தால் இவர்கள் வாங்கிய டிக்கெட்டின் விதிப்படி தலைக்கு 6,500 ரூபாய் பிடித்தம். நால்வருக்கும் சேர்த்து 26,000 போக 86,000 திரும்பிவிடும். ஹோட்டலில் நான்கு இரவுக்கு 64,000 கட்டியிருக்கிறார்கள். அன்றே ரத்து செய்தால் ஒரு இரவு வாடகையான 16,000 மட்டும் போகும். ஆக நஷ்டம் 42,000.

ஏஜென்ட் சொன்னபடி பதினெட்டாம் தேதி வரை காத்திருந்து, அந்தக் கடைசி நேரத்தில் விமானம் ஏறாதவர்கள் என்ற கணக்கில் விழுந்துவிட்டால், டிக்கெட்டில் திரும்புவது வரியும் விமான நிலையக் கட்டணமுமான 24,000 மட்டும். ஹோட்டல் பணம் முழுவதும் போய்விடும். நஷ்டம் 1,52,000 ஆகிறது. ‘காப்பீடுதான் இருக்கிறதே, முழுவதையும் அவர்கள் தரட்டும்’ என்று இருக்க முடியாது. பயணம் நடக்காது என்று தெரிந்த உடனே ரத்து செய்ய வேண்டும், தாமதத்தால் கூடிய தொகைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக் காகிதத்தையும் ரத்து செய்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். மே 11 அன்றே மருத்துவர் சொல்லிவிட்டார் என்றால், அன்றைய நிலவரப்படியான 42,000-க்குத்தான் அது கணக்குப் பார்க்கும். மீதி 1,10,000 குடும்பத்தின் தலையில்.

வரிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய விமான நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்துள்ள விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணி வராமலே போனாலும், சட்டப்படியான வரிகளையும் பயணி மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பியே ஆகவேண்டும். வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பணத்தைத் திருப்பும் முறை அவற்றின் நாட்டு விதிகளைப் பொறுத்தது. காப்பீட்டு நிறுவனம் இந்த ரீஃபண்டைக் கேட்டு வாங்கிவிட்டீர்களா என்று முதலில் பார்க்கும், ஏனென்றால் வேறு வழியில் திரும்பக் கிடைக்கக்கூடிய எதையும் அது தராது. ‘டிக்கெட் விலை 1,12,000, அதைக் கொடுங்கள்’ என்று எழுதும் க்ளெய்ம் அங்கேயே தடுக்கி நிற்கிறது.

எனவே டிக்கெட்டை இணைப்பது என்றால் டிக்கெட்டை மட்டும் இணைப்பதல்ல. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயணத் திட்டக் காகிதத்தில் பெயரும் நேரமும் இருக்கும். விலையின் பிரிவுகள் பெரும்பாலும் இருக்காது. தேவைப்படுவது 13 இலக்க டிக்கெட் எண்ணும் கட்டணப் பிரிவும் உள்ள மின்டிக்கெட். அதோடு ரத்து செய்த தேதி, பிடித்த தொகை, திரும்பிய தொகை மூன்றும் தெரியும்படி விமான நிறுவனமே கொடுத்த ரத்து ரசீது. ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் ‘மொத்தம் இவ்வளவு நஷ்டம்’ என்று எழுதிக் கொடுப்பதை மட்டும் வைத்துப் பணம் வருவது அரிது. அதில் அவருடைய சேவைக் கட்டணமும் கலந்திருக்கும், அது க்ளெய்மில் சேராது. ஹோட்டலுக்கும் இதே விதிதான்: முன்பதிவு உறுதிக் கடிதம், ரத்து விதிமுறை அச்சான பக்கம், ஹோட்டலோ முன்பதிவுத் தளமோ அனுப்பிய ரத்து மின்னஞ்சல். பணம் போன வழியையும் திரும்பிய வழியையும் காட்ட வங்கி அல்லது கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்.

இந்தக் குடும்பம் தீம் பார்க் நுழைவுச் சீட்டுக்கும் 22,000 கட்டியிருந்தது. அது திரும்பவில்லை. ‘பயணச் செலவும் தங்கும் செலவும்’ என்று மட்டும் சொல்லும் பாலிசியில் அது சேராது. விசாக் கட்டணமும் பெரும்பாலும் அப்படித்தான். வலிக்கும். ஆனால் இவற்றையும் சேர்த்துத் தொகையை ஏற்றி எழுதினால், நியாயமாக வரவேண்டியதும் கேள்வி பதில் கடிதங்களில் மாதக்கணக்கில் சுற்றும். சேராதென்று தெளிவாகத் தெரிந்ததை விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி மருத்துவக் காகிதம். இந்த விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மருத்துவமனை பில் கற்றையாக இருக்கும், ஸ்கேன் படம் இருக்கும், மருந்துச் சீட்டுகள் இருக்கும். நோய் வந்தது அவற்றால் உறுதியாகிறது. ஆனால் காப்பீட்டு அதிகாரி நோயை மட்டும் பார்ப்பதில்லை. இந்த நோய், பாலிசி எடுத்த பிறகு, எதிர்பாராமல் வந்ததா? இதனால்தான் இவர்களால் போக முடியவில்லையா? இந்த இரண்டுக்கும் பில்லில் பதில் கிடையாது.

பதில் சொல்வது சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று. அதில் நோயாளியின் பெயர், வயது, உள்நோயாளி எண் இருக்க வேண்டும். அறிகுறி எப்போது தொடங்கியது, எப்போது சேர்க்கப்பட்டார், என்ன நோய் என்று கண்டறியப்பட்டது என்பதெல்லாம் தேதியோடு வேண்டும். ‘நெருங்கிய உறவினர் உடனிருப்பது அவசியம், மே 19 அன்று மகன் வெளிநாடு செல்வது உகந்ததல்ல’ என்ற பொருளில் ஒரு வரி வேண்டும். கீழே மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை, தேதி. இதை டிஸ்சார்ஜ் ஆகும்வரை தள்ளிப்போடாமல் ரத்து செய்யும் அன்றே வாங்கிவிடுவது நல்லது. மே 12 ரத்து, மே 12 சான்று என்றால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மே 12-இல் ரத்து செய்துவிட்டு ஜூன் கடைசியில் வாங்கிய சான்றைக் கொடுத்தால், க்ளெய்முக்காக எழுதி வாங்கியதோ என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். டிஸ்சார்ஜ் சம்மரி பிறகு வரட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் சேர்த்தாரா என்பதும் ஒரு கேள்வி. பல பாலிசிகள் குறைந்தது 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்கின்றன. டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, வீட்டிலேயே படுத்து, தினமும் மருத்துவமனைக்குப் போய்வந்த ஒருவருக்காகப் பயணத்தை ரத்து செய்த குடும்பம் அந்த நிபந்தனையில் சிக்கிக்கொள்ளும். சில பாலிசிகளில் மருத்துவரின் சான்றே போதும். தன் பாலிசியில் எது என்று பார்க்க, சான்றிதழ் என்று வரும் ஒற்றைப் பக்கம் போதாது. அதோடு வரும் நீண்ட விதிமுறைப் புத்தகத்தில் ‘பயண ரத்து’ பகுதியையும், முன்னால் இருக்கும் சொல் விளக்கப் பகுதியையும் படிக்க வேண்டும்.

அந்தச் சொல் விளக்கப் பகுதியில்தான் ‘நெருங்கிய குடும்ப உறுப்பினர்’ யார் என்பதும் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியப்பாவும் தாய்மாமனும் அப்பத்தாவும் குடும்பம் இல்லாமல் வேறு யார்? பாலிசியில் பெரும்பாலும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், சிலவற்றில் உடன்பிறந்தவர்கள். வளர்த்து ஆளாக்கிய தாய்மாமன் படுத்துவிட்டார் என்று பயணத்தை ரத்து செய்தவருக்கு மருத்துவச் சான்று எத்தனை வலுவாக இருந்தாலும் பணம் வராமல் போகலாம். இது கொடுமையாகத் தோன்றினாலும், பாலிசி எடுக்கும்போதே தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்று.

நம் குடும்பத்தில் படுத்திருப்பவர் அம்மா. கணவருக்குத் தாய், மனைவிக்கு மாமியார், பிள்ளைகளுக்குப் பாட்டி. நான்கு டிக்கெட்டுக்கும் ஒவ்வொருவராக உறவை நிரூபிக்க வேண்டிவரும். இதற்குப் பலர் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலானோர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தாய், தந்தை, வாழ்க்கைத்துணை பெயர்கள் அங்கே அச்சாகியிருக்கும். கணவரின் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் இருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் மாமியார் உறவு நிற்கிறது. குடும்ப அட்டை நகலும் உடன் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டி உறவு பாலிசியில் இல்லாவிட்டாலும், பெற்றோர் போகாததால் சிறு பிள்ளைகள் தனியாகப் போக முடியாது என்பதைக் கடிதத்தில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பெயர் எழுத்துதான் நம்மூரில் உண்மையான தலைவலி. பாஸ்போர்ட்டில் ‘லட்சுமி ராமசாமி’, ஆதாரில் ‘ஆர். லட்சுமி’, ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் யாரோ சொல்லி எழுதியது ‘லட்சுமியம்மாள்’, வயது ‘சுமார் 70’. மூன்றும் ஒருவரே என்பது வீட்டாருக்குத் தெரியும். மும்பையிலோ டெல்லியிலோ கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. சேர்க்கையின் அடுத்த நாளே ஆதார் நகலைக் கொடுத்து மருத்துவமனைப் பதிவில் பெயரையும் வயதையும் திருத்தச் சொல்லிவிட்டால், பிறகு வரும் எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் வரும். டிஸ்சார்ஜ் ஆன பின் திருத்துவதானால் மருத்துவமனையே திருத்தி, கையெழுத்திட்டு, முத்திரை வைக்க வேண்டும். வீட்டில் பேனாவால் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் போச்சு, முழுக் கோப்பின் மீதும் சந்தேகம் விழும்.

இன்னொரு வரி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல்பகுதியில், முன்வரலாறு என்ற இடத்தில் வரும்: ‘எட்டு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம், மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை.’ அவசரப் பிரிவில் பயிற்சி மருத்துவர் கேட்டபோது யாரோ சொன்ன பதில். காப்பீட்டு நிறுவனம் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, இது ஏற்கனவே இருந்த நோயின் விளைவு, ஆகவே க்ளெய்ம் இல்லை என்று எழுதலாம்.

இங்கே பதற்றப்பட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மருத்துவரிடம் கெஞ்சுவது தவறு, ஆபத்தும்கூட. விசாரணைக்கு வருபவர் மருத்துவமனையின் உள்நோயாளிக் கோப்பையே வாங்கிப் பார்ப்பார். சொன்னது தவறாகப் பதிவாகியிருந்தால் மட்டும் திருத்தம் கேட்கலாம். உண்மை என்றால் பாலிசியின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏற்கனவே இருந்த நோய் என்ற விலக்கு காப்பீடு எடுத்தவருக்கு மட்டுமா, பயணம் செய்யாத உறவினருக்கும் பொருந்துமா? சில பாலிசிகள் இருவரையும் சேர்க்கும். சிலவற்றில் காப்பீடு எடுத்தவரை மட்டுமே சொல்லியிருக்கும். இரண்டாவது வகையென்றால் அம்மாவின் ரத்த அழுத்தத்தைக் காட்டி மறுக்க இடமில்லை. நோயை மறைத்தீர்கள் என்று எழுதினாலும் பதில் உண்டு. விண்ணப்பத்தில் கேட்டது பயணிகளின் உடல்நலத்தை மட்டும் என்றால், அம்மாவைப் பற்றிக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது மறைத்ததாகாது.

மறைத்தல் என்ற இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டு வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. 2009-இல் அமெரிக்காவில் ஒரு திருமணத்துக்குப் போனவருக்கு சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே மாரடைப்பு அறிகுறி. ஸ்டென்ட் வைக்கப்பட்டது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர் விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்ததைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி க்ளெய்ம் மறுக்கப்பட்டது. சொன்ன நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதையே காட்டிப் பின்வாங்க முடியாது என்று சொல்லி, பணத்தைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அது பயண ரத்து வழக்கு அல்ல, நோயாளியும் பயணியேதான். இருந்தாலும் விண்ணப்பத்தில் சொன்னது, சொல்லாதது என்ற சண்டை வரும்போது மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுத இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். அந்த மனிதருக்கு நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் குடும்பம் மே 12 அன்று மூன்று காரியம் செய்கிறது. மருத்துவரிடம் சான்று வாங்குகிறது. டிக்கெட்டையும் ஹோட்டலையும் ரத்து செய்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி க்ளெய்ம் எண் வாங்குகிறது. தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்பதைவிட மின்னஞ்சல் மேல், தேதி பதிவாகும். ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்ததால் தெரிவிக்கத் தாமதமாகிவிட்டால்கூட, கையை மீறிய காரணத்தால் வந்த தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏன் தாமதம் என்பதை இரண்டு வரியில் எழுதி இணைத்தால் போதும்.

கோப்பின் மேல் ஒரு பக்கக் கடிதம். அதில் நடந்தது தேதி வரிசையில், அதன் கீழே கணக்கு: டிக்கெட்டில் கட்டியது 1,12,000, திரும்பியது 86,000, நஷ்டம் 26,000; ஹோட்டலில் கட்டியது 64,000, திரும்பியது 48,000, நஷ்டம் 16,000. மொத்தம் 42,000. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த இணைப்பில் அதற்கான ரசீது இருக்கிறது என்ற குறிப்பு. பாலிசியில் முதல் 50 டாலர் பயணியின் பொறுப்பு என்று இருந்தது. ஏறக்குறைய 4,200 ரூபாய் அதற்குக் கழியும். வரவேண்டியது 37,800.

நிறுவனம் மறுத்தால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறோம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். தேவையான காகிதங்கள் எல்லாம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் தீர்ப்பு சொல்ல வேண்டும். அதை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், புகார் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே 37,800 ரூபாய் போன்ற தொகைக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு குறைதீர்ப்பாளருடையது.